சித்தப்பாவுக்கு வந்த கடிதம்

2021 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு இரண்டாவது காபிக்காகக் காத்திருந்தபோது ஊரிலிருந்து தம்பி போன் செய்தான். தம்பி என்றால் சித்தப்பா மகன். திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகிற வழியில் எங்கள் பூர்வீக நிலம் நாலு ஏக்கர் இருக்கிறது. அதில் இன்னமும் மண்ணில் கால் வைக்கிறவன் அவன் ஒருத்தன்தான்.

"அண்ணா, அப்பாவுக்கு ஈ.பி.யிலிருந்து லெட்டர் வந்திருக்கு."

சித்தப்பா காலமாகி அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

"என்னவாம்?"

"பம்புசெட் கனெக்ஷன் கேட்டாரில்ல, நம்பர் வந்திருச்சாம். கிணறு, மோட்டார் எல்லாம் ரெடியான்னு கேட்டிருக்காங்க."

சித்தப்பா அந்த விண்ணப்பத்தைப் போட்டது 2001-இல். கணக்குப் போட்டுப் பார்த்தேன், இருபது வருஷம். அந்த வருஷம் எல்.கே.ஜி.யில் சேர்ந்த என் பெண் இன்ஜினீயரிங் முடித்து வேலைக்கே போய்விட்டாள்.

இருபது வருஷமா என்று நகரத்துக்காரர்களுக்குத் திகைப்பாக இருக்கும். வீட்டுக்கு மின்சாரம் கேட்டால் சில நாட்களில் வந்து மீட்டர் மாட்டிவிட்டுப் போகிறார்களே! விவசாயத்துக்கு மட்டும் ஏன் இப்படி? காரணம் ரொம்ப எளிமையானது. அது இலவசம். 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. இணைப்பு கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் அந்த வயலிலிருந்து வாரியத்துக்குப் பில் வராது; அரசாங்கம் தருகிற மானியம்தான் வரும். அதனால் ஆண்டுக்கு இத்தனை இணைப்புதான் என்று அளந்து கொடுத்தார்கள். கேட்கிறவர்கள் அளந்து கேட்கவில்லை. வரிசை நீண்டுகொண்டே போய், 2021-இல் தமிழ்நாடு முழுக்கக் காத்திருந்தவர்கள் நாலரை லட்சத்துக்கும் மேல்.

அந்த வரிசையும் ஒரே வரிசை இல்லை. கோயிலில் தர்ம தரிசனம், சிறப்பு தரிசனம் இருக்கிற மாதிரி இதிலும் பிரிவுகள் உண்டு. சாதாரணப் பிரிவில் பதிவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். கம்பம், கம்பி எல்லாம் வாரியத்தின் செலவு. அதற்கு மேலே சுயநிதிப் பிரிவுகள்: பத்தாயிரம், இருபத்தைந்தாயிரம், ஐம்பதாயிரம் என்று கட்டுகிறவர்களுக்குத் தனித்தனி வரிசை. 2017-18-இல் தட்கல் என்று ஒன்று வந்தது. ஐந்து ஹெச்.பி. மோட்டாருக்கு இரண்டரை லட்சம், ஏழரைக்கு இரண்டே முக்கால், பத்துக்கு மூன்று, பதினைந்துக்கு நாலு லட்சம். கட்டினால் வரிசையில் நிற்க வேண்டாம்.

சித்தப்பா நின்றது தர்ம தரிசன வரிசை. பதிவு ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு போய், வரிசை எந்தத் தேதி வரைக்கும் நகர்ந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு வருவார். மற்ற நேரமெல்லாம் டீசல் இன்ஜின்தான். கிணற்றுக்குள் பாதியில் ஒரு திட்டு கட்டி அதன்மேல் இன்ஜினை இறக்கி வைத்திருந்தார். மேலேயே வைத்தால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டதற்குச் சிரித்தார். மேலே உட்கார்ந்து உறிஞ்சுகிற பம்பு, இருபத்தைந்து அடிக்குக் கீழே இருக்கிற தண்ணீரை உறிஞ்சாதாம். தண்ணீர் இறங்க இறங்க இன்ஜினும் இறங்க வேண்டும்.

தட்கல் வந்தபோது, 2018-இல், தம்பி என்னிடம் வந்தான். ஒரு பேப்பரில் கணக்கு எழுதிக்கொண்டு வந்திருந்தான். இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். வேர்க்கடலைக்கு ஒரு ஏக்கர் நனைய எட்டு மணி நேரம். ஒரு போகத்துக்குப் பத்துத் தண்ணீர். ஆக எண்பது லிட்டர். அப்போது லிட்டர் எழுபது ரூபாய் என்று வைத்தால் ஏக்கருக்கு 5,600 ரூபாய். இரண்டு ஏக்கர், இரண்டு போகம் என்றால் வருஷத்துக்கு 22,400.

"இரண்டரை லட்சம் கட்டினா பதினொரு வருஷத்துல போட்ட பணம் வந்துரும்ணா. பாதி நீங்க குடுத்தா, மீதி நான் நகையை வெச்சுக் கட்டிர்றேன்."

நான் பேப்பரைப் பார்த்தேன். "பதினொரு வருஷமா? அதுக்குள்ள சித்தப்பா போட்ட நம்பரே வந்துடுமேப்பா" என்றேன்.

அவன் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். வேறெதுவும் கேட்கவில்லை. நான் சொன்னது ஒரு வகையில் பலித்தது. மூன்று வருஷத்தில் நம்பர் வந்தது. ஆனால் அந்த மூன்று வருஷமும் டீசல் வாங்கியது நான் இல்லை.

கடிதம் வந்ததற்குக் காரணம் 2021 செப்டம்பரில் அறிவித்த திட்டம். ஒரே ஆண்டில் ஒரு லட்சம் புதிய விவசாய இணைப்புகள் கொடுப்பதாக அரசு அறிவித்து, பழைய பதிவுகளைத் தூசு தட்டி எடுத்தார்கள். இருபது வருஷம் நகராத வரிசை திடீரென்று ஓட ஆரம்பித்ததும்தான் ஒரு விஷயம் தெரிந்தது. காகிதத்தில் இருந்த விவசாயி வேறு. வயலில் இருந்த விவசாயி வேறு.

எங்கள் கதையையே பாருங்கள். விண்ணப்பத்தில் இருக்கிற பெயர் சித்தப்பா, அவர் இல்லை. விண்ணப்பத்தில் இருப்பது நாற்பத்தைந்து அடி திறந்தவெளிக் கிணறு. அது சித்திரையில் வறண்டுபோய், அதில் புறா குடித்தனம் நடத்துகிறது. விண்ணப்பத்தில் இருக்கிற சர்வே எண் நடுவில் உட்பிரிவாகி, பின்னால் ஓர் எழுத்து சேர்ந்திருக்கிறது. பட்டா தாத்தா காலத்துக்குப் பிறகு கூட்டுப் பட்டா. எங்கள் அப்பா, சித்தப்பா, அத்தை மூன்று பேர் பெயரும் அதில் இருக்கிறது. மூவரில் உயிரோடு இருப்பது அத்தை மட்டும்.

இத்தனை மாற்றத்துக்கும் காகிதம் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம். நிலத்துக்குச் சிட்டா, அடங்கல். கிணறு இருக்கும் இடத்தைக் குறித்த புல வரைபடம். இந்த நிலமும் கிணறும் இன்னாருடையது என்று வி.ஏ.ஓ. கொடுக்கும் சான்று. கூட்டுப் பட்டா என்பதால், "இவர் பெயரில் இணைப்பு கொடுப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று பங்குதாரர்கள் எல்லோரும் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவின் இடத்தில் நானும், பெங்களூரில் இருக்கும் என் தங்கையும்.

"ஒரு கையெழுத்துதான்ணா" என்றான் தம்பி.

இங்கே நான் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மூன்று வாரம் நான் போகவில்லை. ஆபீஸில் ஆடிட் என்றேன், மழை என்றேன். உண்மையில் மனசுக்குள் ஒரு நெருடல். இணைப்பு அவன் பெயரில் வந்துவிட்டால், நாளைக்கு நிலமே தன்னுடையது என்று சொல்லிவிட மாட்டானா? வருஷத்தில் ஒருநாள் மாங்காய் மூட்டை வாங்கிவரப் போவதைத் தவிர அந்த மண்ணுக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் பங்கு என்று வந்தால் நகரத்தில் இருக்கிறவனுக்குத்தான் ஞாபகசக்தி அதிகம்.

கடைசியில் வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார்: "மின் இணைப்பு யார் பேர்ல இருக்குங்கறது சொத்துக்கு ஆதாரம் இல்ல. நீ குடுக்கறது ஆட்சேபணை இல்லங்கற கடுதாசி. விடுதலைப் பத்திரம் இல்ல. வேணும்னா, 'இதனால் எங்கள் பாகப் பாத்தியத்துக்குப் பாதகமில்லை'ன்னு ஒரு வரி சேர்த்துக்கோ. அதுக்காகவா மூணு வாரமா உக்காந்திருக்கே?"

அந்த வரியைச் சேர்த்து எழுதிக்கொண்டுதான் திருத்தணி ரயில் ஏறினேன். அதைப் படித்துப் பார்த்த தம்பி ஒன்றும் சொல்லவில்லை. "டீ சாப்டறீங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டான். இதற்கு அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

என் கையெழுத்தோடு முடியவில்லை. பக்கத்து வயல்காரர், "அந்தக் கிணத்துல எங்க தாத்தாவுக்கும் பங்கு உண்டு" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவைத்தார். பங்குக் கிணறு என்றால் அவருடைய சம்மதமும் வேண்டும். கிணறு வறண்டு கிடக்கிறதே, பக்கத்தில் புதிதாக போர் போடப் போகிறோமே என்றால், அதுவும் கிணற்றை ஒட்டிய நிலம்தானே என்றார்.

அப்போதுதான் சித்தி டிரங்குப் பெட்டியிலிருந்து தாத்தாவின் கிரயப் பத்திரத்தை எடுத்தார். 1954-இல் பதிந்தது. பிரித்துப் பார்த்தால் ஜிலேபி ஜிலேபியாகத் தெலுங்கு. இந்தப் பக்கத்துப் பழைய பத்திரங்கள் பலதும் அப்படித்தான் இருக்கும். அன்றைக்குத் திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, படாஸ்கர் ஏற்பாட்டின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. மண் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. பத்திரம் தெலுங்கிலேயே இருந்துவிட்டது.

அத்தை வாழ்க்கைப்பட்டது ஆந்திரப் பக்கம் புத்தூரில். ஐம்பது வருஷமாகத் தெலுங்குதான். கையெழுத்து வாங்கப் போனபோது பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போனோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பாதியில் நிறுத்தி, "இந்தா பாரு, 'பாவி'ன்னு இருக்கு" என்றார். ஒரு நிமிஷம் யாரைத் திட்டுகிறார் என்று புரியவில்லை. தெலுங்கில் 'பாவி' என்றால் கிணறு. கிணற்றையும், அதைச் சுற்றிய நிலத்தையும் முழுப் பாத்தியமாகத் தாத்தா வாங்கியதாக அதில் தெளிவாக எழுதியிருந்தது. தமிழில் மொழிபெயர்த்து நகலோடு இணைத்ததும், பக்கத்து வயல்காரர் வாயைத் திறக்கவில்லை.

அத்தை சம்மதப் பத்திரத்தில் தெலுங்கில் கையெழுத்துப் போட்டார். பாகப் பாத்தியம் பற்றி நான் சேர்த்திருந்த வரியைத் தம்பி அவருக்கு வாசித்துக் காட்டினான். "இது எதுக்குடா? தண்ணிக்குத்தானே கையெழுத்து?" என்றார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போர் போட்டார்கள். 280 அடி. தண்ணீர் 200 அடியில் நின்றது. இங்கேதான் இருபது வருஷக் காத்திருப்பின் விலை எனக்குப் புரிந்தது. சித்தப்பா விண்ணப்பம் போட்டபோது நாற்பது அடியில் தண்ணீர். ஐந்து ஹெச்.பி. மோட்டார் நாற்பது அடியிலிருந்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் ஏற்றுமோ, 200 அடியிலிருந்து ஏற்றினால் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஏற்றும். ஆழம் ஐந்து மடங்கானால், அதே சக்திக்குக் கிடைக்கிற தண்ணீர் ஐந்தில் ஒன்று. இணைப்பு இலவசமாகத்தான் வந்தது. ஆனால் அதே இணைப்பு 2001-இல் வந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் பாய்ந்திருக்கும் வயலுக்கு இப்போது ஐந்து மணி நேரம்.

"அப்ப ஏழரை ஹெச்.பி. போட்டுடேன்" என்று தம்பியிடம் சொன்னேன். பக்கத்தில் எஸ்டிமேட்டுக்காக அளந்துகொண்டிருந்த இளம் இன்ஜினீயர் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாரும் அதைத்தான் சார் செய்யறாங்க. பேப்பர்ல அஞ்சு, கிணத்துல ஏழரை."

அவர் டிரான்ஸ்பார்மரைக் காட்டினார். 100 கே.வி.ஏ. ஐந்து ஹெச்.பி. மோட்டார் ஒன்று ஓடும்போது கம்பியிலிருந்து இழுப்பது நாலரை, ஐந்து கிலோவாட். ஆக அந்த டிரான்ஸ்பார்மர் தாங்குவது தோராயமாகப் பதினாறு, பதினேழு மோட்டார். பதினைந்து இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதில் பாதிப் பேர் யாருக்கும் தெரியாமல் ஏழரை மாட்டிவிட்டால் என்ன ஆகும்? வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் அதிகக் கரண்ட்டை இழுக்கும், சூடாகும், காயில் கருகும். ஒருநாள் டிரான்ஸ்பார்மரும் போகும். மோட்டார் எப்போதும் இல்லாத உறுமலோடு திணறி, தொட்டால் சுட ஆரம்பித்து, தண்ணீர் குழாயில் பாதியாக விழுந்தால் அதுதான் அடையாளம் என்றார். கடைசிக் கம்பத்துக்காரர்தான் முதலில் அனுபவிப்பார். எங்கள் போர் கடைசிக் கம்பம்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து எங்கள் போர் வரைக்கும் 420 மீட்டர். ஐம்பது மீட்டருக்கு ஒரு கம்பம் என்று எட்டு, ஒன்பது கம்பம். நாலு கம்பம் அடுத்தவர் வரப்பில் நிற்க வேண்டும். எஸ்டிமேட் என்பது இதுதான்: எத்தனை மீட்டர் கம்பி, எத்தனை கம்பம், இருக்கிற டிரான்ஸ்பார்மர் தாங்குமா, தாங்காவிட்டால் புதிது எங்கே வைப்பது. தூரம் கூடக் கூடச் செலவு கூடும், வோல்டேஜும் குறையும். சாதாரணப் பிரிவு என்பதால் அந்தச் செலவு எங்களுடையது இல்லை. ஆனால் வரப்புக்காரர்களிடம் பேசுவது எங்கள் வேலை. கம்பத்துக்கு யாராவது ஆட்சேபித்தால் விஷயம் மாவட்ட ஆட்சியர் வரை போக வேண்டியிருக்கும். தம்பி அந்த நாலு பேர் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தான். அதில் ஒருவர் நம் 'பங்குக் கிணறு' நண்பர். "கிணறு வேற, கம்பம் வேற, நட்டுக்க" என்றாராம். அவரைப் பற்றி நான் மனசுக்குள் நினைத்ததை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் பங்குக்கு மோட்டார், ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர், மெயின் போர்டு, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் வயரிங் முடித்துத் தரும் சான்று. இவ்வளவும் முடித்து "தயார்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கடிதத்தில் சொன்ன கெடுவுக்குள் கொடுக்காவிட்டால் உங்களைத் தாண்டி அடுத்தவருக்குப் போய்விடும். இருபது வருஷம் காத்திருந்தவர்கள் கடைசி சில வாரங்களில் தவறுவது இங்கேதான். வாரிசுச் சான்று, கையெழுத்து, பத்திரம் எல்லாவற்றையும் கடிதம் வந்த பிறகு தேடினால் நேரம் போதாது. எங்களுக்கு ஒன்பது நாள் மிச்சமிருந்தது. என்னுடைய மூன்று வாரம் நாலு வாரமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தம்பி ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. கணக்கு எனக்கே போடத் தெரியும்.

உங்கள் ஊரில் யாராவது இப்படிக் காத்திருந்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். வரிசையில் நிற்பது ஆள் இல்லை, காகிதம். அந்தக் காகிதத்தில் இருக்கிற பெயர், சர்வே எண், கிணறு மூன்றும் இன்றைக்கு நிஜமாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்து, மாறியிருந்தால் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், பட்டாவில் பெயர் இருந்து பட்டணத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் இப்போதே கையெழுத்து வாங்கிவிடுவது.

2022 மார்ச்சில் எங்கள் போரில் மோட்டார் ஓடியது. அடுத்த மாதமே ஒரு லட்சமாவது இணைப்பும் கொடுத்தாயிற்று என்று செய்தி வந்தது. அதன் பிறகு அந்த ஆண்டு நவம்பரில் இன்னும் ஐம்பதாயிரம் என்று அடுத்த திட்டம் ஆரம்பித்தார்கள். வாரியத்தின் விநியோகப் பிரிவே 2024-இல் தனி நிறுவனமாகிவிட்டது. வரிசை மட்டும் இருக்கிறது.

மோட்டார் ஓடிய அன்று சித்தியும் வயலுக்கு வந்திருந்தார். தம்பி ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தினான். சில விநாடி வெறும் காற்று, அப்புறம் கலங்கல், அப்புறம் தெளிந்த தண்ணீர். சித்தி ஒரு சொம்பில் பிடித்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த அந்தப் பழைய பதிவு ரசீதை எடுத்துப் பார்த்தார். பிறகு சொம்புத் தண்ணீரைக் கிணற்று மேட்டில், சித்தப்பா எப்போதும் உட்கார்ந்து பீடி பிடிக்கிற கல்லின்மேல் ஊற்றினார்.

"பேர் மாத்தினது சரி" என்றார். "முதல் தண்ணி அவருக்குத்தான்."

நான் ஊர் திரும்பியதும் அலமாரியைத் திறந்து, சம்மதப் பத்திரத்தின் என் நகலை எடுத்தேன். நான் சேர்க்கச் சொன்ன அந்த ஒரு வரி அதில் அப்படியே இருக்கிறது. சட்டப்படி சரியான வரிதான். படிக்கத்தான் முடியவில்லை.